தேதி கிடைத்த பிறகே லீவ் கடிதம்

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறவர்களில் பலர் முதல் வேலையாக மேனேஜரிடம் லீவ் கேட்கிறார்கள். "அடுத்த வாரம் ஒருநாள் வேணும் சார்" என்று அனுமதி வாங்கிவிட்டு இணையத்தைத் திறந்தால், அந்த வாரத்தில் இடமே இருக்காது. பாஸ்போர்ட் சேவா கேந்திரா காட்டும் காலி நேரங்களில் ஒன்றைத்தான் நாம் எடுக்க முடியும். ஆகவே முதலில் விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் கட்டி, அப்பாயிண்ட்மென்ட் எடுத்துவிடுங்கள். லீவ் அதற்குப் பிறகு.

தேனியில் ஒரு மில்லில் கணக்கு பார்க்கும் பெண்ணுக்கு மதுரையில் வியாழக்கிழமை காலை 11.15 மணி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால்மணி நேரம் முன்னதாகவே அவர் வாசலில் இருக்க வேண்டும். உள்ளே டோக்கன் வாங்கியதும் மூன்று கவுன்டர்கள். 'ஏ'யில் ஆவணங்களை ஸ்கேன் செய்து புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 'பி'யில் அதிகாரி அசலைச் சரிபார்ப்பார். 'சி'யில் முடிவு சொல்வார்கள். கூட்டத்தைப் பொறுத்து நேரம் நீளும். உள்ளூர்க்காரருக்கு அரைநாள் போதலாம். தேனியிலிருந்து பஸ் பிடித்துப் போய்வருகிறவர் முழுநாளாகக் கேட்பதே நல்லது. கடிதம் இரண்டு வரி போதும்:

"பாஸ்போர்ட் புதுப்பிக்க, வரும் வியாழக்கிழமை காலை 11.15 மணிக்கு மதுரை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் நேரில் ஆஜராக வேண்டியுள்ளது. அன்று ஒருநாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அப்பாயிண்ட்மென்ட் ரசீதின் நகலை இதோடு இணைத்துவிட்டால் மேற்கொண்டு கேள்வி வராது.

ஒரே லீவில் வேலை முடியுமா என்பதை முந்தைய வாரமே வீட்டில் பார்த்துவிடலாம். பழைய பாஸ்போர்ட்டின் அசலும், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் கையெழுத்திட்ட நகலும் வேண்டும். இந்தப் பெண் கல்யாணமாகி வீடு மாறியவர் என்றால் இன்னும் கவனம் தேவை. விண்ணப்பத்தில் புது முகவரியைப் போட்டுவிட்டு, பழைய முகவரியுள்ள ஆதாரை நீட்டினால் 'பி' கவுன்டரிலேயே ஃபைல் நின்றுவிடும். இன்னொரு நாள் அலைய வேண்டியதுதான். பெயரில் இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னும் இன்னொன்றில் விரித்தும் இருப்பதும் நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல். ஆதாரைத் திருத்திக்கொண்டு பிறகு தேதி எடுப்பதுதான் அவருக்கு நல்லது.

அரசு ஊழியர் என்றால் லீவ் கடிதம் மட்டும் போதாது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதாகத் தம் அலுவலகத்துக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்து, அதன் நகலை எடுத்துப் போவது வழக்கம்.

போலீஸ் வெரிஃபிகேஷன் இருந்தால் பின்னால் ஒருநாள் வீட்டுக்கு வருவார்கள், அல்லது ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். அந்தத் தேதி முன்கூட்டித் தெரியாது. "பிறகு ஒருநாள் ஒரு மணி நேரம் பெர்மிஷன் தேவைப்படலாம்" என்று மேனேஜரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

மாதக் கடைசிக் கணக்கு இருக்கிறது, வியாழக்கிழமை விட முடியாது என்று மேனேஜர் சொன்னாலும் கட்டிய பணம் வீணாகாது. அதே கணக்கில் நுழைந்து வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுவதற்கு வரம்பு உண்டு என்பதால், அவருக்கு ஒத்துவரும் இரண்டு மூன்று நாட்களைக் கேட்டு வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.