பிப்ரவரியில் பெய்த டிசம்பர் மழை

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணி. சென்னை நுங்கம்பாக்கம் நிலையத்தில் மழைமானியை அளந்தபோது, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது 29 செ.மீ.-க்கும் மேல். அடையாற்றங்கரை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த நாள் அது. அந்த ஆண்டின் தினசரி மழையளவு முழுவதும் ஒரு சி.எஸ்.வி. கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு வரி, மொத்தம் 365 வரிகள். அதை ஒரு சாட்பாட்டிடம் கொடுத்து, "மாதவாரியாகக் கூட்டி, வரைபடம் போட்டுக் கொடு" என்று கேட்டால், அந்த 29 செ.மீ. பிப்ரவரி மாதத்தில் போய் உட்கார வாய்ப்பு இருக்கிறது. கூட்டலில் ஒரு பிழையும் இருக்காது. வரைபடமும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், இந்தக் கருவிகளிடம் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் சாண்ட்பாக்ஸ் பற்றிச் சில வார்த்தைகள். மொழி மாதிரி எண்களைத் தானே கூட்டினால் தப்பு வரலாம். அது சொற்களைத் தொடுக்கத்தான் பழகியது. அதனால் இப்போதைய சாட்பாட்கள் பைத்தானில் ஒரு சிறு கோட் எழுதி, வெளியுலகிலிருந்து பிரித்து வைத்த ஒரு தற்காலிகக் கணினியில் அதை ஓட்டி, வந்த விடையைப் படித்துச் சொல்கின்றன. அந்தத் தனிக் கணினிதான் சாண்ட்பாக்ஸ். சாட்ஜிபிடியின் கட்டணப் பயனர்களுக்கு இந்த வசதி 2023 ஜூலையில் வந்தது. இப்போது பல சாட்பாட்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. கூட்டல், சராசரி, சதவீதமெல்லாம் அங்கே நிஜமாகவே கணக்கிடப்படுகின்றன என்பதால் அந்தப் பக்கம் கவலை குறைவு. தவறு நுழைவது அதற்கு ஒரு படி முன்னால், கோப்பைப் படிக்கும் இடத்தில்.

நம் கோப்பில் தேதி நாம் எழுதும் முறையில் இருக்கிறது: 01/01/2015, 02/01/2015 என்று. நாள் முதலில், மாதம் அடுத்து. பைத்தானில் தரவு வேலைக்குப் பெரும்பாலும் பயன்படும் பாண்டாஸ் என்ற நூலகம், வேறு எதுவும் சொல்லாவிட்டால், இப்படி இரண்டு விதமாகவும் படிக்கத்தக்க தேதியை அமெரிக்க முறையில், மாதத்தை முதலாக வைத்துப் படிக்கும். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், முதல் வரியைப் பார்த்து வடிவத்தை ஊகித்து, எல்லா வரிகளையும் அதே வடிவத்தில் படிக்கிறது. முதல் பன்னிரண்டு வரிகள் தடையில்லாமல் போகும். 13/01/2015 வந்ததும் தடுக்கும், ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது. கோட் பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

நின்றது நல்லதுதான். ஆனால் சாட்பாட் அந்தப் பிழைச் செய்தியைப் படித்துவிட்டுத் தன் கோட்டைத் தானே திருத்தி மறுபடி ஓட்டும். பல நேரம் சரியாகவே திருத்தும். நாள்தான் முதலில் வருகிறது என்று கண்டுபிடித்துவிடும். சில நேரம் மட்டும் இப்படித் திருத்தும்:

```python
df["date"] = pd.to_datetime(df["date"], errors="coerce")
```

`errors="coerce"` என்பதற்கு, படிக்க முடியாததை வெற்றிடமாக்கிவிட்டு மேலே போ என்று பொருள். கோட் இப்போது எங்கும் நிற்காமல் ஓடி முடியும். 12-க்கு மேற்பட்ட தேதிகள் எல்லாம் `NaT` என்ற வெற்றிடமாகியிருக்கும். பிறகு மாதவாரியாகப் பிரிக்கும்போது, மாதம் தெரியாத வரிகளைப் பாண்டாஸ் எதுவும் சொல்லாமல் ஒதுக்கிவிடும்.

இனி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையிலான நாட்கள் மட்டுமே தப்பிக்கும். பன்னிரண்டு பன்னிரண்டு 144. மீதி 221 நாட்கள் காணாமல் போயிருக்கும். தப்பித்த 144-இலும், நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள 12 தவிர மற்றவை இடம் மாறியவை. 'பிப்ரவரி' என்று வரைபடத்தில் நிற்பது ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் தேதி மழையின் கூட்டு. டிசம்பர் 2-இன் வெள்ள மழை அங்கே விழுவது இதனால்தான். 2015 நவம்பரில் சென்னையில் 1,000 மி.மீ.-க்கு மேல் பெய்தது. அந்த மாதத்தின் 12-ஆம் தேதிக்குப் பிந்தைய மழை முழுவதும் அழிந்துவிடும். முன்பாதி மழை ஜனவரி முதல் டிசம்பர் வரை சிதறிவிடும். ஆக, ஆண்டின் மிக முக்கியமான செய்தியான வடகிழக்குப் பருவமழையே வரைபடத்தில் இருக்காது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது, தவறான விடை சீராகத் தெரிவது. எல்லா மாதங்களுக்கும் சரியாக 12 நாட்கள். எந்த மாதமும் காலியாக இல்லை. சென்னை மழையைப் பற்றித் தெரியாதவர் இதைப் பார்த்து, பரவாயில்லை, ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். சாட்பாட்டும் அந்த வரைபடத்துக்குப் பொருத்தமாக இரண்டு பத்தி விளக்கம் எழுதிக் கொடுத்துவிடும்.

கண்டுபிடிக்க வழி எளிது. விடையைக் கேட்பதற்கு முன்னால் கோப்பு எப்படிப் படிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். தேதி வடிவத்தை ஊகிக்க விடாமல் நாமே சொல்லி, இந்தச் சில வரிகளை ஓட்டி, வெளிவந்ததை அப்படியே காட்டச் சொன்னால் போதும்:

```python
t = pd.to_datetime(df["date"], format="%d/%m/%Y")
print(len(df), t.isna().sum(), t.min(), t.max())
print(t.dt.month.value_counts().sort_index())
print(df["rain_mm"].isna().sum(), df["rain_mm"].sum())
```

முதல் வரியில் வடிவம் உறுதியாகச் சொல்லப்பட்டிருப்பதால், பொருந்தாத தேதி வந்தால் கோட் நின்றுவிடும்; நிற்கத்தான் வேண்டும். அடுத்த வரி 365, 0, ஜனவரி 1, டிசம்பர் 31 என்று காட்ட வேண்டும். தவறாகப் படித்த கோப்பில் இதே இடத்தில் 221 வெற்றிடமும், கடைசி நாளாக டிசம்பர் 12-உம் வந்திருக்கும். மூன்றாவது வரி மாதத்துக்கு எத்தனை நாட்கள் என்று காட்டும்: 31, 28, 31, 30 என்று வர வேண்டிய இடத்தில் 12, 12, 12 என்று வந்தால் வேறு ஆதாரமே தேவையில்லை. கடைசி வரியில் வரும் ஆண்டு மொத்தம், பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகைகளின் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் எங்கோ வரிகள் உதிர்ந்திருக்கின்றன.

உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் எண்ணுவது ஏதோ தொடக்கப் பாடம் போலத் தோன்றலாம். ஆனால் 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரி வரம்பில் இடித்துக்கொண்டதால், 15,841 கொரோனா தொற்றுகளைத் தினசரிக் கணக்கில் தவறவிட்டது. தொற்றாளர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அந்த அளவுக்குத் தாமதமானது. அங்கே சாட்பாட் ஏதும் இல்லை. வரி எதுவும் விழாமல் வந்து சேர்ந்ததா என்ற கேள்விதான் இரண்டு இடத்திலும்.

தேதி சரியாகிவிட்டால் அடுத்து மழையளவுப் பத்தி. தினசரிப் பதிவேடுகளில் சில நாட்கள் காலியாக இருக்கும், சில இடங்களில் கோடு போட்டிருக்கும். அளவிட முடியாத தூறலுக்கு 'Trace' என்று எழுதியிருப்பார்கள். அளக்காத நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றல்ல. ஆனால் பாண்டாஸ் கூட்டும்போது வெற்றிடத்தைத் தாண்டிப் போய்விடும். ஒரு மாதம் முழுவதும் அளவே இல்லையென்றால் அந்த மாதத்தின் கூட்டுத்தொகை 0.0 என்று வரும். மழைமானி பழுதாகிக் கிடந்த மாதம், வறண்ட மாதமாக வரைபடத்தில் நிற்கும். கூட்டும்போது `min_count=1` என்று சேர்க்கச் சொன்னால், முழுதும் காலியான மாதம் காலியாகவே காட்டப்படும். பாதி மாதம் மட்டும் அளந்திருந்தால் அதற்கும் இது போதாது. ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை நாள் அளவு உள்ளது என்பதை மொத்தத்தின் பக்கத்திலேயே ஒரு பத்தியாகக் கேட்டு வாங்குவதுதான் சரி. கோட்டில் `fillna(0)` என்று எங்காவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சராசரியைக் கெடுப்பதில் அதற்கு இணை இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். கோப்பைத் திறக்கவே முடியாமல் போனாலோ, நீங்கள் கொடுத்த இணைய முகவரியை வெளித்தொடர்பு இல்லாத சாண்ட்பாக்ஸால் எட்ட முடியாமல் போனாலோ, சாட்பாட் மாதிரித் தரவு ஒன்றைத் தானே உண்டாக்கி வேலையை முடித்துவிடக்கூடும். அப்படிச் செய்ததாக ஒரு வரி எழுதியிருக்கும், அதுவும் கோட்டுக்குள் குறிப்பாக மட்டும் இருக்கலாம். `np.random` என்றோ `sample` என்றோ கோட்டில் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். நமக்கு முன்பே தெரிந்த ஒரு எண்ணைத் தேடிப் பார்ப்பது இதற்கும் உதவும். டிசம்பர் 2-ஆம் தேதிக்கான வரியை மட்டும் காட்டச் சொல்லுங்கள். கோப்பை நோட்பேடில் திறந்து அதே வரியோடு ஒப்பிடுங்கள். எக்செல்லில் வேண்டாம்; அதுவும் திறக்கும்போதே தேதியைத் தன் அமைப்புக்கு ஏற்ப மாற்றிவிடக்கூடும்.

விளக்கப் பத்திகளில் வரும் எண்களையும் சும்மா விடக்கூடாது. கோட் ஓடி வெளிவந்த அட்டவணை ஒன்று, அதைப் பார்த்து மாதிரி எழுதும் உரை வேறொன்று. 'நவம்பரில் மட்டும் ஆண்டு மழையில் பாதி' என்று உரையில் இருந்தால், அந்தச் சதவீதம் கோட்டின் வெளியீட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கணக்கிடப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. 'வங்கக்கடல் தாழ்வு மண்டலம் காரணமாக' என்பது போன்ற விளக்கங்கள் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவை கோப்பிலிருந்து வந்தவை அல்ல.

வரைபடத் தலைப்பைத் தமிழில் கேட்டால் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வருவது பலருக்கும் நேர்வது. வரைபட நூலகத்தின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதுதான் காரணம், எண்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சந்தேகம் வந்து, "மறுபடி சரிபார்" என்று அதே உரையாடலில் கேட்பதால் அதிகப் பயன் இல்லை. தவறாகப் படித்த அட்டவணை சாண்ட்பாக்ஸின் நினைவில் அப்படியே இருக்கும். அதையே இன்னொரு முறை கூட்டி, அதே விடையை உறுதியோடு தரும். புதிய உரையாடல் ஒன்றில் மூலக் கோப்பை மறுபடி ஏற்றி, தேதி வடிவத்தையும் காலி நாட்களை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துக் கேட்பது நல்லது. ஒரு மாதத்தை நீங்களே கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள். டிசம்பரின் 31 எண்களைக் கூட்டச் சில நிமிடம் ஆகும். விடை ஒத்துப்போனால் மற்ற பதினொரு மாதங்களையும் ஓரளவு நம்பலாம், ஏனென்றால் எல்லா மாதங்களும் அதே கோட்டின் வழியாகத்தான் போகின்றன.

இத்தனையும் சரியாக இருந்தாலும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாத மொத்தத்தோடு உங்கள் எண் பொருந்தாமல் போக ஒரு காரணம் மீதி இருக்கிறது. அங்கே ஒரு நாளின் மழை என்பது முந்தைய நாள் காலை எட்டரை முதல் அன்றைய காலை எட்டரை வரை பெய்தது. நவம்பர் 30 இரவு பெய்த மழை டிசம்பர் 1-இன் வரியில் வரும். வீட்டு மொட்டைமாடியில் தானியங்கி மழைமானி வைத்திருப்பவரின் கோப்பு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்கிட்டிருக்கலாம். இது கோப்பில் எங்கும் எழுதியிருக்காது; கோட்டைப் பார்த்தும் தெரியாது. பதிவேட்டை எழுதியவரைக் கேட்டு, அந்த விடையை உங்கள் கேள்வியின் முதல் வரியில் சேர்த்துவிடுங்கள்.