பாட்டில் எந்தச் சொல்லை அழிப்பது?

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் கற்க வருகிறவர்களுக்கு ஒரு பாட்டைப் போட்டால் வகுப்பு களைகட்டிவிடும். பாடல் வரிகளை அச்சடித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொற்களை அழித்து ஆசிரியர் கொடுப்பார். கேட்டு நிரப்புவார்கள், சேர்ந்து பாடுவார்கள், நேரம் முடிந்துவிடும். காதுக்குப் பயிற்சி கிடைத்திருக்கும். இலக்கணம் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தச் சொல்லை அழிக்கிறோம் என்பதில்தான் பாடமே இருக்கிறது.

நம்மவர்களுக்கு ஆங்கில நிகழ்காலம் ஒரு சிக்கல். தமிழில் ‘ஊற்றுகிறார்’ என்றால் வழக்கமாக ஊற்றுவதையும் குறிக்கும், இந்த நொடியில் ஊற்றுவதையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு பிடிபடாதவர் எல்லா வினையோடும் ‘இங்’ சேர்த்து, ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்கிறார். இதற்கு நான் எடுக்கும் பாட்டு, சுசான் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’. 1987-ல் வந்த ‘சாலிட்யூட் ஸ்டாண்டிங்’ ஆல்பத்தில் இருக்கிறது. வாத்தியமே கிடையாது, குரல் மட்டும்தான். எம்பி3 ஒலிச்சுருக்க முறையை உருவாக்கியவர்கள் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டதும் இந்தக் குரலைத்தான். 1990-ல் தாளம் சேர்த்து வந்த வடிவம் இன்னும் பிரபலம்; ஆனால் வகுப்புக்குப் பழையதே நல்லது, சொற்கள் தெளிவாகக் கேட்கும்.

நியூயார்க் உணவகம் ஒன்றில் காலையில் காபிக்குக் காத்திருக்கும் பெண், கண்முன் நடப்பதை அப்படியே சொல்லிக்கொண்டு போகிறாள். கதை இவ்வளவுதான். கவுன்ட்டர், குடை, ராசிபலன், பிரதிபலிப்பு போன்ற ஐந்தாறு சொற்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முதல் தடவை தாளே கிடையாது. யார் யார் வருகிறார்கள், வெளியே மழையா வெயிலா என்று கேட்டுச் சொன்னால் போதும்.

அதன் பிறகுதான் தாள். அழித்திருப்பது வினைச்சொற்களை மட்டும். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ‘ஃபில்’, ‘ஷேக்’, ‘ரெய்ஸ்’ என்று வேர்ச்சொல் இருக்கும். பாட்டைப் போடுவதற்கு முன்பே, எந்த வடிவம் வரும் என்று பென்சிலால் எழுதிவிட வேண்டும். பிறகு பாட்டைக் கேட்டு, மாறுபட்ட இடத்தைப் பேனாவால் குறிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் அது வெறும் காதுப் பயிற்சியாகிவிடும். முன்கூட்டி எழுதியவருக்குத்தான், தான் நினைத்தது எங்கே விலகியது என்று தெரியும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம், கடைக்காரர் கோப்பையில் காபி ஊற்றும் வரி. ‘இஸ் ஃபில்லிங்’ என்று எழுதியிருப்பார்கள். பாட்டில் ‘ஃபில்ஸ்’ என்று கேட்கும். கொஞ்சம் தள்ளி, உள்ளே வந்த பெண் குடையை உதறும்போது ‘ஷேக்கிங்’ வருகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று அவர்களையே பேசவிடுவேன். ஆங்கில கிரிக்கெட் வர்ணனை கேட்டவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பந்து மட்டையில் பட்டதும் முடிந்துபோகும் செயலுக்கு ஒரு வடிவம், பந்தைத் துரத்தி ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு இன்னொரு வடிவம். கடைக்காரர் அரைக்கோப்பை ஊற்றினார், முடிந்தது, கதை நகர்ந்துவிட்டது. குடை உதறல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ‘இஸ் ஃபில்லிங்’ என்று எழுதியது இலக்கணப் பிழை இல்லை, காட்சியை மாற்றிவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இதே பாட்டில் ‘ஃபீல்’ என்ற வினை, யாரோ தன்னைப் பார்ப்பதை உணர்கிறாள் என்ற இடத்தில், ‘இங்’ சேர்ந்து வருகிறது. அந்தப் பொருளில் பேச்சிலும் எழுத்திலும் அப்படி வருவது அரிது. பாட்டின் சந்தம் தாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் ‘இங்’ போடும் பழக்கமுள்ள நம் மாணவர் இதையே சாட்சியாக்கிக்கொள்வார். அதனால் அந்தச் சொல்லை அழிக்காமல் அச்சிலேயே விட்டு, பாட்டுக்கான வழக்கு என்று ஓரத்தில் குறித்துக் கொடுக்கிறேன்.

பாடினால் நினைவில் நிற்கும் என்பதற்குச் சான்று உண்டு. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், பெரியவர்கள் 60 பேர் 15 நிமிடம் ஹங்கேரிய மொழித் தொடர்களைக் கற்றார்கள். 2014-ல் வெளியான அதன் முடிவின்படி, பாடிக் கற்றவர்கள் பேசிக் கற்றவர்களைவிட மொத்தத்தில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அங்கே கற்றவை குட்டித் தொடர்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது வேறு, அதே வினையைப் புதிய வாக்கியத்தில் வைப்பது வேறு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த வாரம் பாட்டே போடாமல், ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, தெருவில் நடப்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். ‘பஸ் வந்து நிற்கிறது’, ‘ஒரு அம்மா பையைத் தேடிக்கொண்டிருக்கிறார்’ என்ற இரண்டையும் இரண்டு வடிவத்தில் சொல்லிவிட்டால் பாடம் இறங்கியிருக்கிறது. பாட்டு முழுவதையும் பிசகாமல் பாடுகிறவர் இங்கே திணறினால், அவருக்கு மனப்பாடம் ஆனது வரிகள் மட்டும். பாட்டுப் போடும் ஆசிரியர்கள் இந்த ஜன்னல் பயிற்சிக்கு வகுப்பில் கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.