கையில் 3 கடன்... எதை முதலில் அடைக்கலாம்?

சம்பளம் வந்ததும் எல்லாக் கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறீர்களா? குறைந்தபட்சத் தொகையை எல்லாவற்றுக்கும் கட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்குமேல் மிஞ்சும் பணத்தைப் பிரிக்காமல் ஒரே கடனில் போடுங்க.

எந்தக் கடனில்? இரண்டு வழிகள் இருக்கு.

பனிப்பந்து முறை (ஸ்னோபால்): ஆகச் சிறிய கடனை முதலில் அடைப்பது.

பனிச்சரிவு முறை (அவலாஞ்ச்): ஆக அதிக வட்டியுள்ள கடனை முதலில் அடைப்பது.

ஒரு கடன் முடிந்ததும் அதற்குக் கட்டிய முழுத் தொகையும் அடுத்த கடனுக்குப் போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவருக்கு 3 கடன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- சொந்தக் கடன்: 900 வெள்ளி, வட்டி 8 விழுக்காடு, மாதம் குறைந்தது 50 வெள்ளி
- கடன்பற்று அட்டை: 3,000 வெள்ளி, வட்டி 27 விழுக்காடு, மாதம் குறைந்தது 100 வெள்ளி
- படிப்புக் கடன்: 4,000 வெள்ளி, வட்டி 5 விழுக்காடு, மாதம் குறைந்தது 100 வெள்ளி

கடனுக்காக அவர் மாதம் 600 வெள்ளி ஒதுக்குகிறார். அதாவது, கூடுதலாக 350 வெள்ளி.

பனிப்பந்து முறையில் சொந்தக் கடன் 3ஆம் மாதமே முடிந்துவிடும். எல்லாம் முடிய 15 மாதம் ஆகும். மொத்த வட்டி சுமார் 586 வெள்ளி.

பனிச்சரிவு முறையில் முதல் கடன் முடிய 8 மாதம் ஆகும். ஆனால் 14 மாதத்தில் ஏறக்குறைய எல்லாமே முடியும், 15ஆம் மாதத்துக்குச் சுமார் 4 வெள்ளிதான் மிஞ்சும். மொத்த வட்டி சுமார் 504 வெள்ளி.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் மாதம் அட்டைக்கு மட்டும் 67 வெள்ளி 50 காசு வட்டி. சொந்தக் கடனுக்கோ 6 வெள்ளிதான்.

அப்போ எது நல்லது?

இங்கே வித்தியாசம் சுமார் 82 வெள்ளி. 3ஆம் மாதமே ஒரு கடன் முடிந்தால்தான் தொடர்ந்து கட்ட மனசு வரும் என்றால், அந்த 82 வெள்ளியைக் கொடுக்கலாம். பாதியில் விட்டால் அதைவிட அதிகம் செலவாகும். ஆனால் அட்டையில் 3,000க்குப் பதில் 10,000 வெள்ளி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அட்டைதான் முதலில்.

எங்கே கணக்குத் தப்பும்?

வட்டியை ஒப்பிடும்போது விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் விகிதத்தை எடுக்காதீங்க. ஓராண்டுத் தவணைக் கடனுக்கு '4 விழுக்காடு' என்று போட்டிருந்தாலும், உண்மையில் நீங்கள் கட்டுவது சுமார் 7 விழுக்காடு. கடன் குறையக் குறைய வட்டி குறையாமல் முழுத் தொகைக்கும் கணக்கிடுவதே காரணம். கடன் பத்திரத்தில் இ.ஐ.ஆர் என்று இருக்கும் விகிதத்தைப் பாருங்க.

சொந்தக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி கட்டணம் கேட்குமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்க. 100 வெள்ளி கேட்டால் அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்க.

முக்கியமாக, பாக்கி இருக்கும்போது அந்த அட்டையில் எதையும் வாங்காதீங்க. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கலாம். அப்போ எந்த முறையும் பலிக்காது.