மல்லி கை கழுவும் இருபது விநாடி

‘மல்லி கை கழுவுகிறாள்.’ திரைக்கதையில் இப்படி ஒரு வரி எழுதிவிட்டு எழுத்தாளர் அடுத்த காட்சிக்குப் போய்விடலாம். அதை வரைய உட்காருபவருக்கு அந்த வரி போதாது. குழாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? சோப்பு எந்தக் கையில் இருக்கிறது? கட்டைவிரலைத் தேய்க்கிறாளா, விட்டுவிடுகிறாளா? அனிமேஷன் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிடும் தாள்தான் ஸ்டோரிபோர்டு.

பார்வைக்கு அது படக்கதைப் புத்தகம் போலத்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோட்டுப் படம். அதன் கீழே செயல், வசனம், ஒலி, நேரம் என்று குறிப்புகள். 1930களில் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில் படங்களைச் சுவரில் வரிசையாகக் குத்திவைத்துக் கதை பேசும் பழக்கம் வேரூன்றியது. இன்று கணினித் திரையில் வரைந்தாலும் வேலை அதேதான்.

கை கழுவும் கதையில் பெரிய சிக்கல், நேரம். சோப்பு போட்டுக் குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையினரின் பரிந்துரை. திரையில் 20 விநாடி மிக நீளமானது. இயக்குநர்களின் கை தானாகக் கத்தரிக்குப் போகும்; சோப்பு, நுரை, தண்ணீர், சிரிப்பு என்று மூன்று விநாடியில் முடித்துவிடுவார்கள். பார்க்கும் குழந்தை கற்றுக்கொள்வதும் அந்த மூன்று விநாடியைத்தான்.

ஐந்திலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளுக்காக அறுபது விநாடிப் படம் ஒன்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். களம், தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளி. சத்துணவில் முட்டை போடும் நேரம். அதன் ஸ்டோரிபோர்டு இப்படி அமையலாம்.

கட்டம் 1 (6 விநாடி). பள்ளி முற்றம் முழுவதும் தெரிகிறது. இடப்பக்கம் மல்லி, எண்ணெய் வடியும் தலையைச் சொறிந்துவிட்டு அதே கையால் நீலக் கோலப்பொடியை அள்ளுகிறாள். வலப்பக்கம் கதிர் மண்ணில் கோலி உருட்டுகிறான். கதிர்: “ஐ, அடிச்சிட்டேன்!” ஒலி: சாப்பாட்டு மணி.

கட்டம் 2 (5 விநாடி). தட்டில் முட்டை. நீலக் கை ஒன்று அதை நோக்கி நீள்கிறது. ஆயா (குரல் மட்டும்): “மல்லி, கை என்ன கலரு?” கை அப்படியே நிற்கிறது.

கட்டம் 3 (6 விநாடி). குழாயடி. மல்லி இரண்டு விநாடி கையை நீட்டி எடுக்கிறாள், குழாயை மூடுகிறாள். மல்லி: “கழுவிட்டேன் ஆயா!”

கட்டம் 4 (6 விநாடி). குளோசப். மல்லியின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். விரித்த கைகள், நக இடுக்கிலும் விரல் சந்திலும் நீலம். கதிர் எட்டிப் பார்க்கிறான். கதிர்: “அய்யே, இன்னும் நீலமாவே இருக்கு!”

கட்டம் 5 (5 விநாடி). ஆயா சோப்பை நீட்டுகிறார். மல்லி கையை நனைத்து, குழாயை மூடிவிட்டு, சோப்பை வாங்குகிறாள். ஆயா: “தண்ணி மட்டும் பத்தாது கண்ணு. சோப்பு போடு.”

கட்டம் 6 (20 விநாடி). மீண்டும் தோளுக்குப் பின்னாலிருந்து, கைகள் மட்டும். 6அ: உள்ளங்கையோடு உள்ளங்கை, நுரை எழுகிறது (5). 6ஆ: புறங்கைகள் (3). 6இ: விரல் சந்துகள் (3). 6ஈ: மடக்கிய விரல்களின் முதுகு (3). 6உ: கட்டைவிரல்கள் (3). 6ஊ: நகநுனியை உள்ளங்கையில் தேய்த்தல் (3). கதிர் (குரல் மட்டும்): ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணுகிறான்.

கட்டம் 7 (5 விநாடி). குழாய் திறக்கிறது. நீல நுரை வழிந்தோடுகிறது. மல்லி பாவாடையில் துடைக்காமல் கையை உதறுகிறாள்.

கட்டம் 8 (7 விநாடி). கதிரின் கை முட்டைக்குப் போகிறது. மல்லி அதைப் பிடித்து நிறுத்துகிறாள். கதிர்: “என் கையில ஒண்ணுமே இல்லியே!” மல்லி: “மண்ணுலதானே உருட்டுன? வா, நான் எண்ணுறேன்.”

இதில் கிருமி என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்கலாம். பச்சை நிறத்தில் பல்லிளிக்கும் கிருமிப் பொம்மை குழந்தைகளுக்கு வேடிக்கையாகிவிடக்கூடும்; கொம்பும் வாலும் வைத்தால் செல்லப்பிராணி ஆகிவிடும். எண்ணெயோடு ஒட்டிய நீலப்பொடி உண்மையைச் சொல்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீரில் கரையாது. சோப்பு அதைப் பிடித்து நீரோடு இழுத்துப் போகும். கையில் ஒட்டிய கிருமிகளும் பெரும்பாலும் அந்தப் பிசுக்கோடும் அழுக்கோடும்தான் கழன்று போகின்றன.

நீலத்துக்கு ஒரு குறையும் உண்டு. ‘கறை தெரிந்தால் மட்டும் கழுவினால் போதும்’ என்று குழந்தை முடிவு கட்டிவிடலாம். அதை அடைக்கத்தான் எட்டாம் கட்டம். முதல் கட்டத்திலேயே கதிரை மண்ணில் உட்கார வைக்காவிட்டால் கடைசி வசனத்துக்குப் பொருளே இருக்காது.

கேமரா தோளுக்குப் பின்னால் இருப்பதற்கும் காரணம் உண்டு. எதிரிலிருந்து காட்டினால் மல்லியின் வலது கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் வரும். கூடவே செய்து பார்க்கும் குழந்தை குழம்பிவிடும். குழாயை மூடிவிட்டுத் தேய்ப்பதும் அப்படி எழுதி வைக்க வேண்டிய ஒன்று. எழுதாவிட்டால் அனிமேட்டர் தண்ணீரை ஓடவிட்டே வரைந்துவிடுவார்.

இருபது விநாடிக்குச் செலவு அதிகமாகாதா? விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 480 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் 240 படங்கள். ஆனால் தேய்ப்பது திரும்பத் திரும்ப வரும் அசைவு. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஆறேழு படம் வரைந்து சுழற்சியாக ஓட்டினால் நாற்பது சொச்சம் படங்களில் வேலை முடியும். சலிப்பைப் போக்கும் பொறுப்பைக் கதிரின் எண்ணிக்கை ஏற்றுக்கொள்கிறது.

வரைந்து முடித்ததும் கட்டங்களைக் குறித்த நேரப்படி ஓட்டி, தற்காலிகக் குரல் சேர்த்து ‘அனிமேட்டிக்’ தயாரிப்பார்கள். அதை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு குழந்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ‘அந்தப் பொண்ணு ஏன் ரெண்டு தடவை கழுவுச்சு?’ என்று கேட்டால், அந்தக் குழந்தை நீலத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நான்காம் கட்டம் தோற்றுவிட்டது. வசனத்தை நீட்டாமல் படத்தைத் திருத்த வேண்டும்.

நோயைச் சொல்லிப் பயமுறுத்தாத வழி பலன் தருமா என்ற கேள்விக்குச் சித்தூர் மாவட்டத்திலிருந்து ஒரு விடை உண்டு. 2011இல் அங்கே 14 கிராமங்களை வைத்து ‘சூப்பர் அம்மா’ பிரசாரம் சோதிக்கப்பட்டது. அனிமேஷன் படமும் நாடகமும் ஊர்க்கூட்டமும் அதில் இருந்தன. கை கழுவாமல் லட்டு பிடிக்கும் ‘லட்டு லிங்கம்’ அருவருப்பை ஊட்டினான். பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லித்தரும் தாய் பாசத்தைத் தொட்டாள். ஆறு மாதம் கழித்து, கழுவ வேண்டிய வேளைகளில் சோப்புப் போட்டுக் கழுவியது பிரசாரம் நடந்த கிராமங்களில் 37 சதவீதம்; நடக்காத கிராமங்களில் 6 சதவீதம்.

அந்த 37இன் மறுபக்கம், அறுபதுக்கும் மேற்பட்ட சதவீத வேளைகளில் சோப்பு தொடப்படவே இல்லை என்பது. அதனால் இப்படி ஒரு படத்தைப் பள்ளியில் திரையிட நினைப்பவர்கள், ஆயா நீட்டும் சோப்பு நிஜக் குழாயடியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒன்றை வைத்துவிடுங்கள்.