வாங்கிய தேதிக்கு முந்தைய லாபம்

ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, கணக்கு எழுதுபவருக்கு வசதியாக ஏப்ரல் 1 அன்றே பங்குகள் கைமாறுவது அபூர்வம். விலை பேச்சு இழுக்கும், வங்கிக் கடன் தாமதமாகும். ஆகஸ்டிலோ டிசம்பரிலோதான் விஷயம் முடியும். ஆனால் வாங்கப்பட்ட நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு வழக்கம்போல ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அந்த ஆண்டின் லாபத்தில் புதிய முதலாளி "இது நான் சம்பாதித்தது" என்று எவ்வளவைச் சொல்லிக்கொள்ளலாம்? வாங்கிய சில வாரங்களிலேயே ஈவுத்தொகையும் வந்துவிட்டால், அது வருமானமா, வேறு ஏதாவதா?

பங்குச் சந்தையில் சிறிய அளவில் முதலீடு செய்பவர்களுக்கு நேரடியாகப் பாதிப்பு உள்ள கேள்விகள் இவை. தாய் நிறுவனத்தின் லாபம் எவ்வளவு என்பதும், அதிலிருந்து அவர்களுக்கு என்ன பங்கிடலாம் என்பதும் இந்த விடையைப் பொறுத்தவை.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம், தனக்கு நூல் தரும் ஒரு நூற்பாலையை வாங்குகிறது. ஆலையின் பங்கு மூலதனம் 10 கோடி ரூபாய். அதில் 80 சதவீதப் பங்குகளை 2024 ஆகஸ்ட் 1 அன்று 16 கோடி கொடுத்து ஏற்றுமதி நிறுவனம் பெறுகிறது. மீதி 20 சதவீதம் பழைய பங்குதாரர்கள் சிலரிடமே இருக்கிறது. 2024 ஏப்ரல் 1 அன்று ஆலையின் கணக்கில் பங்கிடாமல் சேர்த்து வைத்த லாபம் 4 கோடி. 2024–25 முழு ஆண்டுக்கு ஆலை ஈட்டிய லாபம் 3 கோடி.

முதலில் அந்த 3 கோடியைப் பிரிக்க வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று ஆலை தனியாக ஒரு லாப நட்டக் கணக்கு போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். அப்போது கைகொடுப்பது காலவிகிதம். லாபம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வந்தது என்று வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் பிரிப்பது. ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம், அதற்கு 1 கோடி. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதம், அதற்கு 2 கோடி.

அந்த 1 கோடி, வாங்குவதற்கு முன்பே ஆலையில் விளைந்துவிட்டது. முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த 4 கோடியும் அப்படித்தான். ஆக, ஆகஸ்ட் 1 அன்று ஆலையில் இருந்தது 10 கோடி மூலதனமும் 5 கோடி லாபமும். மொத்தம் 15 கோடி. அதில் 80 சதவீதம் 12 கோடி. ஏற்றுமதி நிறுவனம் கொடுத்ததோ 16 கோடி. கூடுதலாகக் கொடுத்த 4 கோடிதான் குட்வில். மீதி எட்டு மாதத்தின் 2 கோடியில் 80 சதவீதமான 1 கோடியே 60 லட்சம் மட்டுமே குழுமத்தின் லாபத்தில் சேரும். முன்னதான லாபம் எல்லாம் விலைக்குள் அடங்கிவிட்டது.

இந்த முன்–பின் பிரிவு தாய் நிறுவனத்தின் பார்வையில் மட்டும்தான். ஆலையின் சொந்தக் கணக்கில் ஆகஸ்ட் 1 என்ற தேதிக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. அங்கே 3 கோடி என்பது ஒரே லாபம். 20 சதவீதம் வைத்திருக்கும் சிறுபான்மைப் பங்குதாரர்களும் எதையும் புதிதாக வாங்கவில்லை. அவர்களுக்கு முன்லாபம், பின்லாபம் என்று எதுவும் கிடையாது, எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு உண்டு.

இனி ஈவுத்தொகை. செப்டம்பரில் ஆலையின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கிறது. 2023–24ஆம் ஆண்டுக்காக 10 சதவீத ஈவுத்தொகை அறிவிக்கிறார்கள். மொத்தம் 1 கோடி. வரிப் பிடித்தத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தால், ஏற்றுமதி நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு 80 லட்சம் வருகிறது. பணம் வந்தது வாங்கிய பிறகுதான். ஆனால் எந்த லாபத்திலிருந்து வந்தது? 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் லாபத்திலிருந்து. அப்போது ஏற்றுமதி நிறுவனத்திடம் ஆலையின் ஒரு பங்குகூட இல்லை.

காய்ப்போடு சேர்த்து விலை பேசித் தென்னந்தோப்பு வாங்கியவர், மறுமாதம் அந்தக் காயை இறக்கி விற்றால், வந்த பணத்தைத் தோப்பின் வருமானம் என்று சொல்ல மாட்டார். கொடுத்த விலையில் ஒரு பகுதி திரும்பி வந்தது என்றுதான் நினைப்பார். இந்த 80 லட்சமும் அதுதான். முதலீடுகளுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை, ஏ.எஸ். 13, இதைத்தான் சொல்கிறது: வாங்குவதற்கு முந்தைய லாபத்திலிருந்து வந்த ஈவுத்தொகை, கொடுத்த விலையின் ஒரு பகுதி மீண்டதைத் தெளிவாகக் காட்டினால், முதலீட்டின் அடக்கவிலையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். பேரேட்டில் வங்கிக் கணக்குக்கு 80 லட்சம் பற்று, முதலீட்டுக் கணக்குக்கு 80 லட்சம் வரவு. 16 கோடி 15 கோடியே 20 லட்சமாகக் குறைகிறது. லாப நட்டக் கணக்கின் பக்கமே அந்தத் தொகை போகாது.

இப்போது குட்வில்லை மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். ஈவுத்தொகை போனபின் முன்லாபத்தில் மிஞ்சியது 4 கோடி. மூலதனத்தோடு சேர்த்து 14 கோடி, அதில் 80 சதவீதம் 11 கோடியே 20 லட்சம். அடக்கவிலையான 15 கோடியே 20 லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் அதே 4 கோடி. ஆலை ஈவுத்தொகை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குட்வில் மாறக் கூடாது, ஏனென்றால் பேரம் ஆகஸ்ட் 1 அன்றே முடிந்துவிட்டது.

தவறு நடக்கும் இடமும் இதுதான். வங்கிக்கு ஈவுத்தொகை வந்தவுடன் அதை "இதர வருமானம்" தலைப்பில் எழுதிவிடுவது மிக எளிது. மார்ச் மாதம் குழுமக் கணக்கைத் தயாரிப்பவர் ஆலையின் இறுதி இருப்பை எடுக்கிறார். தொடக்கத்தில் 4 கோடி, லாபம் 3 கோடி, ஈவுத்தொகை போக 6 கோடி. அதில் பின்லாபம் 2 கோடியைக் கழித்தால் 4 கோடி முன்லாபம். இதுவரை சரி. ஆனால் முதலீடு இன்னும் 16 கோடியாகவே நிற்பதால் குட்வில் 4 கோடியே 80 லட்சம் என்று வரும். லாபத்தில் 80 லட்சம் கூடுதல், குட்வில்லிலும் அதே 80 லட்சம் கூடுதல். இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் ஒத்துப்போவதால் கூட்டல் சரிபார்ப்பில் இந்தத் தவறு அகப்படாது. வாங்கிய தேதிக்குத் தனியாகக் குட்வில் கணக்கிட்டு, அதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இடைக்கால ஈவுத்தொகை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டு லாபத்திலிருந்து அதை அறிவித்தால், ஆறு மாதத்தில் நான்கு மாதம் வாங்குவதற்கு முந்தையது. வந்த தொகையில் மூன்றில் இரண்டு பங்கு அடக்கவிலையைக் குறைக்கும், ஒரு பங்கு மட்டுமே வருமானம்.

காலவிகிதம் எப்போது ஏமாற்றும்? நூற்பாலையில் நூல் ஓரளவு ஆண்டு முழுவதும் விற்கிறது, அதனால் மாதக் கணக்கு பொருந்தலாம். சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையை டிசம்பர் 1 அன்று வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு லாபம் அதே 3 கோடி, வாங்கிய பங்கும் அதே 80 சதவீதம். மாதக் கணக்குப்படி கடைசி நான்கு மாதத்துக்கு 1 கோடி, குழுமத்துக்கு அதில் 80 லட்சம். ஆனால் பட்டாசு விற்பனை தீபாவளியோடு அநேகமாக முடிந்துவிடுகிறது. நவம்பர் வரை 3 கோடியே 40 லட்சம் லாபம், அதன்பின் கூலியும் வட்டியும் சேர்ந்து 40 லட்சம் நஷ்டம் என்பது உண்மை நிலவரமாக இருந்தால், குழுமத்துக்குச் சேர வேண்டியது 32 லட்ச ரூபாய் நஷ்டம். காலவிகிதம் அந்த நஷ்டத்தை 80 லட்சம் லாபமாகக் காட்டிவிடும். குட்வில்லும் 1 கோடியே 12 லட்சம் அதிகமாகத் தெரியும். இப்படிப்பட்ட தொழிலில் விற்பனைப் பட்டியல்களை வைத்து மாதவாரியாக லாபத்தைக் கணக்கிடுவதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை. தீ விபத்து, நிலம் விற்ற லாபம், காப்பீட்டுத் தொகை போன்ற ஒற்றை நிகழ்வுகளையும் அவை நடந்த தேதிக்கே ஒதுக்கிவிட்டு, மிச்ச லாபத்தை மட்டுமே மாதக் கணக்கில் பிரிக்க வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரும்பாலான நிறுவனங்களுக்கும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாய்க்குக் குறையாத பட்டியலிடாத நிறுவனங்களுக்கும் விதி வேறு. அவை இண்ட் ஏ.எஸ். தரநிலைகளைப் பின்பற்றுகின்றன. சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் 2008 மே மாதம் முன்–பின் பிரிவை நீக்கியது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய துணை நிறுவனங்களின் பழைய லாபத்தைத் தேடிப் பிரிப்பது நடைமுறையில் முடியாத வேலையாக இருந்தது என்பது முக்கியக் காரணம். அதே வழியில், இண்ட் ஏ.எஸ். 27-இன்படி துணை நிறுவனம் தரும் ஈவுத்தொகை தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கில் வருமானமாகவே போகிறது. ஒருங்கிணைந்த கணக்கில் மட்டும் அது ரத்தாகிவிடுவதால் குட்வில்லுக்குச் சேதமில்லை.

இதற்கு ஈடாக இண்ட் ஏ.எஸ். 36 ஓர் எச்சரிக்கை மணியை வைத்திருக்கிறது. ஈவுத்தொகை, துணை நிறுவனம் அதை அறிவித்த காலத்தின் மொத்த வருமானத்தைத் தாண்டினாலோ, முதலீட்டின் ஏட்டு மதிப்பு ஒருங்கிணைந்த கணக்கில் உள்ள நிகரச் சொத்தையும் குட்வில்லையும் தாண்டினாலோ, முதலீட்டின் மதிப்பு குறைந்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். நம் நூற்பாலையில் இந்த மணி அடிக்குமா? ஈவுத்தொகை 1 கோடி, ஆண்டு வருமானம் 3 கோடி, தாண்டவில்லை. மார்ச் இறுதியில் நிகரச் சொத்து 16 கோடி, அதில் 80 சதவீதம் 12 கோடியே 80 லட்சம், குட்வில்லோடு 16 கோடியே 80 லட்சம். ஏட்டு மதிப்பு 16 கோடிதான்; இங்கும் தாண்டவில்லை. இரண்டு சோதனையும் அமைதியாகக் கடந்துவிடும். கொடுத்த விலையிலிருந்தே திரும்பி வந்த 80 லட்சம், தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கில் லாபமாக நிற்கும். தாய் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுப்பது அந்தத் தனிக் கணக்கின் லாபத்திலிருந்துதான். எளிமைக்காகச் செய்த மாற்றம் என்றாலும், இந்த இடத்தில் பழைய ஏ.எஸ். 13-இன் வழியே சிறு முதலீட்டாளருக்கு நியாயமானது என்பது என் எண்ணம்.

ஆண்டறிக்கையைப் புரட்டுபவர்கள் இதைத் தாங்களே பார்க்க முடியும். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 129(3) பிரிவின்படி, துணை நிறுவனம் உள்ள நிறுவனம் ஒருங்கிணைந்த கணக்கும், அதோடு ஏ.ஓ.சி.-1 என்ற படிவமும் தர வேண்டும். அந்தப் படிவத்தில் ஒவ்வொரு துணை நிறுவனத்தின் மூலதனம், காப்பு நிதி, வரிக்குப் பிந்தைய லாபம், தாய் நிறுவனம் வைத்திருக்கும் சதவீதம் எல்லாம் வரிசையாக இருக்கும். தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கில் "இதர வருமானம்" குறிப்பில் துணை நிறுவன ஈவுத்தொகை என்று ஒரு தொகை இருந்து, அந்தத் துணை நிறுவனம் அதே ஆண்டில் வாங்கப்பட்டதாக இருந்தால், அந்த ஈவுத்தொகை எந்த ஆண்டுக்காக அறிவிக்கப்பட்டது என்று பாருங்கள். வாங்கிய தேதிக்கு முன்பே முடிந்துபோன ஆண்டுக்கானது என்றால், அந்தத் தொகையைக் கழித்துவிட்டு லாபத்தை மறுபடி படியுங்கள்.