கிடங்கைத் தொடாத சரக்கு: பில் எந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கிறது?

விற்கும் நிறுவனத்தின் கிடங்குக்குள் வராமல், சப்ளையரின் ஆலையிலிருந்தே வாடிக்கையாளரிடம் சரக்கு போய்ச்சேரும் முறைக்கு டிராப் ஷிப்மென்ட் என்று பெயர். ஈஆர்பி மென்பொருளான எஸ்ஏபி-யில் இதைத் தேர்டு பார்ட்டி ஆர்டர் என்பார்கள். வழக்கமான விற்பனையில் சரக்கு கிடங்கைவிட்டு வெளியேறும் பதிவுதான் வாடிக்கையாளருக்குப் பில் போட வழிவிடுகிறது. இங்கே அந்தப் பதிவே கிடையாது. அதனால் வேறொரு காகிதம் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அது எது என்பதில்தான் இந்த முறையின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

சென்னையில் ஒரு விற்பனை நிறுவனம், புனேயில் மோட்டார் தயாரிக்கும் சப்ளையர், கோவையில் வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து 100 மோட்டார்களுக்கு ஆர்டர் வருகிறது. விற்பனை விலை 9,200 ரூபாய், கொள்முதல் விலை 8,000 ரூபாய். சென்னை அலுவலகம் விற்பனை ஆர்டரைப் பதியும்போது அந்த வரியின் வகை TAS என்று அமைகிறது. ஆர்டரைச் சேமித்ததும் கொள்முதல் கோரிக்கை ஒன்று தானாகவே உருவாகிறது. கொள்முதல் பிரிவு அதைப் பர்ச்சேஸ் ஆர்டராக மாற்றிப் புனேக்கு அனுப்புகிறது. அதில் சரக்கு சேர வேண்டிய முகவரியாகக் கோவை வாடிக்கையாளரின் முகவரி இருக்கும். சென்னையின் இருப்புக் கணக்கில் ஒரு மோட்டார்கூட ஏறாது, இறங்காது.

புனே சப்ளையர் முதலில் 60 மோட்டார்களை லாரியில் ஏற்றிவிட்டு, 4,80,000 ரூபாய்க்குச் சென்னைக்குப் பில் அனுப்புகிறார் (வரி தனி). எஸ்ஏபி-யின் வழக்கமான அமைப்பில் இந்தப் பில்லை MIRO திரையில் பதிந்த பிறகுதான் விற்பனை ஆர்டர் பில் போட வேண்டியவற்றின் பட்டியலுக்கு வரும். சப்ளையரின் பில்லில் உள்ள 60 என்ற எண்ணிக்கையே வாடிக்கையாளரின் பில்லுக்கும் போகிறது: 5,52,000 ரூபாய். மீதி 40-க்குச் சப்ளையரின் அடுத்த பில் வரும்வரை ஆர்டர் திறந்தே இருக்கும்.

எளிமையான இந்த அமைப்பில் இரண்டு ஓட்டைகள் உண்டு. லாரியில் 58 மட்டும் ஏறி, பில்லில் 60 என்று இருந்தால் மென்பொருளுக்கு அது தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சரக்கு வரவுப் பதிவு எதுவும் இல்லை. கோவையிலிருந்து குறைவு என்று புகார் வரும்போதுதான் விஷயம் வெளிப்படும். மற்றது காலம். மார்ச் 29-ல் சரக்கு போய்ச்சேர்ந்து, சப்ளையரின் பில் ஏப்ரல் 3-ல் பதிவானால், விற்பனை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போகிறது.

இந்தியாவில் ஜிஎஸ்டி இதை இன்னும் இறுக்குகிறது. சென்னையின் சொற்படி கோவைக்குச் சரக்கு போனாலும், புனேயிலிருந்து சென்னைக்கு ஒரு விற்பனை, சென்னையிலிருந்து கோவைக்கு இன்னொரு விற்பனை என்று இரண்டாகவே சட்டம் பார்க்கிறது. முதலாவதற்கு ஐஜிஎஸ்டி, இரண்டாவதற்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. பில்கள் இரண்டு வேண்டும். சரக்கு ஒரே முறை நகர்வதால் ஈ-வே பில் ஒன்று போதும் என்றும், அதைச் சப்ளையரோ இடையிலுள்ள நிறுவனமோ எடுக்கலாம் என்றும் 2018 ஏப்ரலில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. தன் கொள்முதல் விலை வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கும் சென்னை நிறுவனம், தன் பில்லை வைத்தே ஈ-வே பில் எடுக்க விரும்பும். அதற்கு லாரி புறப்படும் நேரத்திலேயே அதன் பில் தயாராக இருக்க வேண்டும். சப்ளையரின் பில் தபாலில் வந்து, பதிவாகட்டும் என்று காத்திருக்கும் அமைப்பு அதற்கு உதவாது.

இதற்கு வழி, பெயரளவிலான சரக்கு வரவு. லாரியில் சரக்கு ஏறியதாகப் புனேயிலிருந்து தகவல் வந்ததும் 60 மோட்டார்களுக்கு MIGO திரையில் வரவு பதிகிறார்கள். இருப்பு மாறாது. ஆனால் பதிவை மதிப்புடன் அமைத்திருந்தால் 4,80,000 ரூபாய் செலவாக ஏறி, சப்ளையரின் பில்லை எதிர்நோக்கும் இடைக்கணக்கில் நிற்கும். பில் போடும் அளவை எங்கிருந்து எடுப்பது என்ற அமைப்பையும் சப்ளையர் பில் அளவிலிருந்து (F) சரக்கு வரவு அளவுக்கு (E) மாற்றினால், வாடிக்கையாளரின் பில் அன்றே போய்விடும். செலவும் வருமானமும் ஒரே மாதத்தில் அமையும். பின்னால் சப்ளையரின் பில் வரும்போது, ஒப்பிட ஓர் எண்ணும் கையில் இருக்கும்.

வரவைப் பதிகிறவர் சரக்கைக் கண்ணால் பார்ப்பதில்லை என்பது இதன் பலவீனம். ஏற்றிய தகவலை நம்பிப் பதிந்ததை, கோவையில் கையெழுத்தான லாரி ரசீது வந்ததும் சரிபார்க்க வேண்டும். 58 என்று இருந்தால் இரண்டுக்கான வரவை ரத்துசெய்து, வாடிக்கையாளருக்குக் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும்.

ஆர்டர் அளவு நடுவில் மாறும்போதும் கவனம் தேவை. கோவை வாடிக்கையாளர் 100-ஐ 80 ஆகக் குறைத்தால், பர்ச்சேஸ் ஆர்டர் ஏற்கெனவே போயிருக்கும் பட்சத்தில் அது தானாகக் குறையாது. விற்பனைப் பிரிவு கொள்முதல் பிரிவிடம் சொல்லி, கையால் திருத்தவைக்க வேண்டும். தவறினால், யாரும் கேட்காத 20 மோட்டார்களுடன் லாரி கோவை வாசலில் நிற்கும்.