சிலிக்கான் வீங்கும்போது லித்தியம் எங்கே போகிறது?

சீனாவின் ஹானர் நிறுவனம் 2023-இல் மேஜிக்5 ப்ரோ என்ற ஃபோனை வெளியிட்டது. வெளிநாடுகளில் விற்ற ஃபோனில் 5,100 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தது. சீனாவில் விற்றதிலோ 5,450. காரணம், சீனப் பதிப்பின் பேட்டரியில் சிலிக்கான் கலந்திருந்தது. கூடுதலாகக் கிடைத்தது 350. அதாவது ஏறக்குறைய 7 விழுக்காடு. ஆனால் ஒரு கிராம் சிலிக்கான், ஒரு கிராம் கிராஃபைட்டைவிட ஒன்பது மடங்குக்கும் மேலாக லித்தியத்தைத் தாங்கும். அப்படியிருக்க, ஏன் வெறும் 7?

பேட்டரிக்குள் நடப்பது லித்தியத்தின் போக்குவரத்துதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் கேத்தோடை விட்டுக் கிளம்பி, எலெக்ட்ரோலைட் என்ற திரவத்தைக் கடந்து, ஆனோடில் போய்த் தங்குகிறது. ஃபோனைப் பயன்படுத்தும்போது அதே வழியில் திரும்புகிறது. கேத்தோடு அப்படியே இருந்தால், ஆனோடு மட்டும் மாறுவதால் பேட்டரி பத்து மடங்கு பெரிதாகிவிடாது. கேள்வியின் ஒரு பாதிக்கு இது விடை. மறு பாதி, அந்த ஆனோடிலும் சிலிக்கானைக் கொஞ்சமாகத்தான் கலக்க முடிகிறது என்பது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் வீக்கம்.

வழக்கமான ஆனோடு கிராஃபைட்டால் ஆனது. அடுக்கடுக்கான கார்பன் தாள்களுக்கு நடுவே லித்தியம் நுழைந்து உட்காரும். ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பது அதன் எல்லை. தாள்கள் சற்றே விலகிக் கொடுப்பதால் கிராஃபைட்டின் பருமன் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. லித்தியம் வெளியேறியதும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

சிலிக்கானில் அப்படி இடைவெளிகள் இல்லை. லித்தியம் உள்ளே புகும்போது சிலிக்கான் அணுக்களின் பிணைப்புகளை உடைத்து, அவற்றோடு கலந்து புதிய பொருளாகவே மாறுகிறது. நான்கு சிலிக்கான் அணுக்களுக்கு 15 லித்தியம் வரை சேர்கிறது. அத்தனை அணுக்களுக்கும் இடம் வேண்டும் அல்லவா? முழுதாக நிரம்பிய சிலிக்கான் துகளின் பருமன் ஏறக்குறைய 3.8 மடங்காகிறது, விட்டம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் போகிறது. இந்த வீக்கத்தையும் கணக்கில் எடுத்தால், ஒரே அளவு இடத்தில் சிலிக்கான் சேமிப்பது கிராஃபைட்டைப்போல் மூன்று மடங்குதான். ஒன்பது மடங்கு என்பது தராசு சொல்லும் கணக்கு. ஃபோனுக்குள் எடையைவிட இடம்தான் நெருக்கடி.

இப்படி ஒவ்வொரு சார்ஜுக்கும் வீங்கிச் சுருங்கும் துகள், சில சுற்றுகளிலேயே வெடித்து நொறுங்கும். உடைந்த துண்டுகள் மின்தொடர்பு இழந்து வீணாகும். முதலில் ஆய்வாளர்களை மிரட்டியது இதுதான். தீர்வும் கிடைத்தது. சுமார் 150 நானோமீட்டருக்கும் சிறிய சிலிக்கான் துகள்கள் வீங்கினாலும் விரிசல் விடுவதில்லை என்பதை 2012-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டார்கள். அதற்கு முன்பே, 2008-இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யீ சுயி குழு, சிலிக்கானை முடியிழைபோல் வளர்த்து, அது உடையாமல் வீங்கிச் சுருங்குவதைக் காட்டியிருந்தது.

துகள் பிழைத்தது, செல்லின் ஆயுள் மட்டும் நீளவில்லை. காரணம் துகளின் மேற்பரப்பில் இருந்தது.

சார்ஜ் ஏறிய ஆனோடைத் தொடும் எலெக்ட்ரோலைட் அங்கேயே சிதைந்து, சில பத்து நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகப் படிகிறது. இஸ்ரேலிய வேதியியலாளர் இம்மானுவேல் பெலெட் 1979-இல் இதை விளக்கினார். இந்தப் படலம் உண்டாகும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த லித்தியம் பிறகு மின்சாரம் தராது. ஆனாலும் படலம் தேவையான ஒன்று. லித்தியத்தை உள்ளே விட்டு, எலெக்ட்ரோலைட் மேலும் சிதையாமல் காப்பது அதுதான். கிராஃபைட்டில் முதல் சில சுற்றுகளில் இது உருவாகிவிடும். பரப்பு அசையாததால் பிறகு பெரிதாக வளராது.

சிலிக்கானின் பரப்பு ஓயாமல் அசைகிறது. துகள் வீங்கும்போது படலம் கிழிகிறது. கிழிசலில் தெரியும் புதுச் சிலிக்கானை எலெக்ட்ரோலைட் தொட்டதும் அங்கே புதுப் படலம் படிகிறது. துகள் சுருங்கும்போது பழைய படலம் மடங்கி உரிகிறது. அடுத்த சார்ஜில் மறுபடியும் கிழிசல், மறுபடியும் ஒட்டுப்போடல். ஒவ்வொரு ஒட்டுக்கும் கொஞ்சம் லித்தியமும் கொஞ்சம் எலெக்ட்ரோலைட்டும் செலவு. படலம் தடிக்கத் தடிக்க மின்தடை ஏறி, பேட்டரி சூடாகிறது, சார்ஜும் மெதுவாகிறது. துகளை நானோ அளவுக்குப் பொடித்தால் மொத்தப் பரப்பு பெருகுவதால், விரிசலுக்குக் கண்ட மருந்தே இங்கே நோயை வளர்க்கிறது.

செலவாகும் லித்தியத்துக்கு ஈடு செய்ய வழியில்லை. செல் மூடப்பட்ட நாளில் கேத்தோடில் இருந்ததுதான் மொத்தக் கையிருப்பு. ஒவ்வொரு சுற்றிலும் 99.9 விழுக்காடு லித்தியம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இது கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போடும் கணக்கு. 500 சுற்றுகளுக்குப் பின் எஞ்சுவது 61 விழுக்காடுதான். 99.5 விழுக்காடு என்றால் எஞ்சுவது வெறும் 8. 500 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு வேண்டுமானால், திரும்பி வருவது 99.95 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாக வேண்டும்.

ஆய்வகச் செய்திகளில் ‘ஆயிரம் சுற்றுகள் தாங்கியது’ என்று படித்தால், எதிர்முனையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பல சோதனைகளில் கேத்தோடுக்குப் பதிலாக லித்தியத் தகடு ஒன்றை வைப்பார்கள். இழந்த லித்தியத்தை அந்தத் தகடு சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். உண்மையான கேத்தோடு வைத்தால் அதே ஆனோடு சீக்கிரமே தளர்ந்துவிடலாம்.

இதனால்தான் தயாரிப்பாளர்கள் அடக்கி வாசிக்கிறார்கள். கிராஃபைட்டோடு சிலிக்கானையோ, அதைவிடக் குறைவாக வீங்கும் சிலிக்கான் ஆக்சைடையோ கொஞ்சமாகக் கலக்கிறார்கள். புதிய சிலிக்கான்-கார்பன் ஆனோடுகளில், நுண்துளைகள் நிறைந்த கார்பனுக்குள் சிலேன் வாயுவைச் செலுத்தி, துளைகளின் உள்ளே சிலிக்கானைப் படியவைக்கிறார்கள். வீக்கத்தின் பெரும்பகுதியைத் துளையில் மீதமிருக்கும் வெற்றிடம் வாங்கிக்கொள்வதால், எலெக்ட்ரோலைட் தொடும் வெளிப்பரப்பு அவ்வளவாக அசைவதில்லை. ஆனால் அந்த வெற்றிடமும் செல்லுக்குள் இடம் பிடிக்கிறது. ஆயுள் கூடும் அளவுக்குக் கொள்ளளவு குறைகிறது.

கலப்பு ஆனோடில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பேட்டரி இறங்கும்போது கிராஃபைட்தான் முதலில் லித்தியத்தை விடுகிறது. சிலிக்கானின் முறை பெரும்பாலும் கடைசியில், சார்ஜ் அடிமட்டத்தை நெருங்கும்போது வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல், சிலிக்கான் கலந்த வணிகச் செல்களை 0 முதல் 30 விழுக்காடு சார்ஜுக்குள் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். சிலிக்கான் தன் கொள்ளளவில் சுமார் 80 விழுக்காட்டை இழந்தது. அதே ஆனோடில் இருந்த கிராஃபைட் இழந்தது 10 விழுக்காடு அளவே. ஆக, இத்தகைய பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை ஓடவிட்டால், கூடுதல் காசு கொடுத்து வாங்கிய அந்த 7 விழுக்காடுதான் முதலில் தேயும்.